முழு இழப்பு கார்கள்: வெள்ளத்திலிருந்து திருப்பூர்ச் சந்தை வரை

முழு இழப்பு கார் என்பது, விபத்திலோ வெள்ளத்திலோ தீயிலோ பெரும் சேதமடைந்து, பழுது பார்ப்பதைவிடக் காப்பீட்டுத் தொகையை முழுவதுமாகக் கொடுத்துவிடுவதே மேல் என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கை முடித்த கார் ஆகும். வாகனச் சந்தையில் இது 'டோட்டல் லாஸ் வண்டி' என்று அழைக்கப்படுகிறது. இப்படிக் கணக்கு முடிக்கப்பட்ட கார்களில் ஒரு பகுதி உடைத்துப் பாகங்களாக விற்கப்படுகிறது. மற்றொரு பகுதி ஏலத்தில் வாங்கப்பட்டு, பட்டறையில் சீர்செய்யப்பட்டு, மீண்டும் சாலைக்கு வருகிறது. சீர்செய்து விற்பது சட்டப்படி குற்றமல்ல. காரின் பழைய கதையை வாங்குபவரிடம் மறைப்பதே சிக்கல்.

இந்தியாவில் ஒரு கார் முழு இழப்பு ஆனது என்ற செய்தி காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் இருக்கும்; பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்காது. தமிழ்நாட்டில் இந்த இடைவெளியின் விளைவை 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் பெரிய அளவில் வெளிக்காட்டியது. வெள்ளம் பார்க்காத திருப்பூர், அவிநாசி, பல்லடம் போன்ற ஊர்களில் பழைய கார் வாங்குபவர்களுக்கும் இந்த வரலாறு பொருந்தும்.

## முழு இழப்பு என்ற கணக்கு

காப்பீட்டில் முழு இழப்பு என்பது இயந்திரவியல் சொல்லைவிடக் கணக்கியல் சொல்லாகவே செயல்படுகிறது. ஒவ்வொரு காருக்கும் பாலிசியில் ஐ.டி.வி. எனப்படும் அறிவிக்கப்பட்ட மதிப்பு குறிக்கப்படும். அந்த மாடலின் இப்போதைய விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்தால் இந்த மதிப்பு கிடைக்கும். 2002ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் இதற்கான அட்டவணையைத் தந்தன. முதல் ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிக்கப்படும்.

பழுது பார்க்கும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காரை முழு இழப்பாகக் கொள்ள வேண்டும் என்றும் அதே விதிகள் கூறின. 2007 முதல் சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கத் தொடங்கிய பின்னும் இந்த வாசகம் பாலிசிகளில் தொடர்ந்தது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது, ஒரே அளவு சேதம் புதிய காரை முழு இழப்பாக்காது. பழைய காரை ஆக்கிவிடும். ஏழு வயதான சிறிய கார் ஒன்றின் முன்பக்கம் நசுங்கி ஏர்பேக் விரிந்தாலே கணக்கு முடிந்துவிடலாம். இரண்டாவது, முழு இழப்பு என்பதற்கு இனி ஓடவே ஓடாது என்ற பொருள் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் புதிய பாகங்கள் போட்டுச் சீர்செய்தால் கட்டுப்படியாகாது என்பதே பொருள். மலிவான வழியில் சீர்செய்பவருக்கு அது கட்டுப்படியாகும். மறுவிற்பனைத் தொழிலின் அடிப்படை இதுதான்.

## சட்டம் விட்ட இடைவெளி

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு பதிவு ரத்து பற்றிப் பேசுகிறது. வாகனம் அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாத நிலைக்குப் போய்விட்டாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். ஆனால் காப்பீட்டில் முழு இழப்பான கார் எல்லாமே இந்த வரையறைக்குள் வருவதில்லை. சீர்செய்தால் ஓடும் என்பதால் அதன் பதிவு உயிரோடு இருக்கும். நசுங்கிய காருடன் செல்லுபடியாகும் ஆர்.சி.யும் சேர்ந்தே விற்கப்படும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மாநில விதிகளின்படி இப்படிப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே அது இழப்புக் கணக்கில் முடிக்கப்பட்ட வாகனம் என்ற முத்திரை விழும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அந்தத் தகவலைத் திரட்ட நாடளாவிய தரவுத்தளமும் வந்தது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் சேதமடைந்த கார்களை வகை பிரித்துப் பதிவு செய்கின்றன. 2017 அக்டோபர் முதல், உடற்கூடு சேதமடைந்தும் சீர்செய்யத் தக்க கார் 'எஸ்' வகை, உடற்கூடு சேதமில்லாதது 'என்' வகை என்று பிரிக்கப்படுகிறது. இந்தியாவின் ஆர்.சி.யில் இதற்கு இணையான முத்திரை எதுவும் இல்லை.

## 2015 டிசம்பர்: சென்னை வெள்ளம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையிலும் அதன் புறநகர்களிலும் பெய்த மழை வரலாற்றில் பதிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. அடுக்குமாடிகளின் தரையடி நிறுத்தங்களில் நின்ற கார்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன.

நீரில் மூழ்கிய காரின் சேதம் விபத்துச் சேதம் போல வெளியே தெரிவதில்லை. உடல் நசுங்காது, பெயிண்ட்டும் கெடாது. கெடுவது உள்ளே இருக்கும் வயரிங், கணினிப் பெட்டிகள், சென்சார்கள், ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை. பல கார்களில் ஏர்பேக் கருவி இரு முன் இருக்கைகளுக்கு நடுவே தரையோடு ஒட்டி இருப்பதால், முழங்கால் அளவு நீரே அதை எட்டிவிடும். சாக்கடை கலந்த வெள்ளநீர் வற்றிய பிறகும் அதன் உப்பும் சேறும் இணைப்பிகளின் செம்பு முனைகளில் தங்கி மெல்ல அரிக்கும். அதனால் வெள்ளக் கார் சுத்தம் செய்த அன்று நன்றாக ஓடும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் காரணம் பிடிபடாத கோளாறுகளைக் காட்டும்.

நீரில் நின்ற காரை உரிமையாளர் ஸ்டார்ட் செய்து பார்த்தால் இன்னொரு சேதமும் சேரும். சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாக ஏற்காமல், ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு பரவலாக அறியப்பட்டதற்கு இத்தகைய மறுப்புகள் ஒரு காரணம்.

வெள்ளத்துக்குப் பிறகு சர்வீஸ் நிலையங்களில் கார்கள் குவிந்தன. பாகங்களும் ஆட்களும் போதாத நிலையில் முழு இழப்பாக முடிக்கப்பட்ட கார்கள் ஏலத்துக்குச் சென்றன. 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையிலும் இதே வரிசை நிகழ்ந்தது.

## ஏலத்திலிருந்து விற்பனைக்கு

கோரிக்கை வந்ததும் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் காரைப் பார்த்துச் செலவைக் கணக்கிடுவார். முழு இழப்பு என்று முடிவானால் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனம் ஐ.டி.வி.யை முழுவதும் கொடுத்துவிட்டு, உடைந்த காரை ஏலத்தில் விற்றுக்கொள்ளும். மற்றொன்று, உடைந்த காரின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். காரை உரிமையாளரே வைத்துக்கொண்டு தனியாக விற்பார். இரண்டிலும் இறுதியில் கார் ஒரு வியாபாரியின் கைக்குப் போகிறது.

கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். இதன் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. இரண்டரை வயதான ஒரு கார். அந்த மாடலின் இன்றைய விலை 8 லட்சம் ரூபாய். 30 சதவீதம் கழித்தால் ஐ.டி.வி. 5.60 லட்சம். அதில் 75 சதவீதம் 4.20 லட்சம். டேஷ்போர்டு வரை நீர் ஏறிய அந்தக் காருக்குச் சர்வீஸ் நிலையம் கொடுத்த மதிப்பீடு 4.50 லட்சம். எல்லையைத் தாண்டியதால் அது முழு இழப்பு. நிறுவனம் உரிமையாளருக்கு ஐ.டி.வி.யைக் கொடுத்துவிட்டு, காரை 1.80 லட்சத்துக்கு ஏலம் விடுகிறது.

ஏலம் எடுத்தவர் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றிக் கழுவிக் காயவைக்கிறார். எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார். கெட்டுப்போன கணினிப் பெட்டிக்குப் பதிலாகப் பழைய பெட்டி ஒன்றைப் பொருத்துகிறார். இணைப்பிகளை ஸ்பிரே அடித்துத் துடைக்கிறார். இதற்கு 70,000 ரூபாயும், வண்டி ஏற்றிய வாடகைக்கும் தரகுக்கும் 20,000 ரூபாயும் ஆகின்றன. மொத்த அடக்கம் 2.70 லட்சம். சந்தையில் 5.25 லட்சம் போகும் மாடலை அவர் 4.60 லட்சத்துக்கு விற்கிறார். வாங்குபவர் 65,000 ரூபாய் மிச்சம் என்று நினைக்கிறார். விற்றவருக்கு 1.90 லட்சம் லாபம்.

இங்கே கவனிக்க வேண்டியது, சர்வீஸ் நிலையம் சொன்ன 4.50 லட்சத்துக்கும் பட்டறையில் செலவான 70,000க்கும் உள்ள வித்தியாசம். கூலிக் குறைவு அதில் ஒரு பகுதியே. மீதி, மாற்றப்பட வேண்டியிருந்தும் மாற்றப்படாத வயரிங், சென்சார்கள், ஏர்பேக் கருவி, சீட் பெல்ட் ஆகியவற்றின் விலை. விபத்துக் காரிலும் இதே கணக்குதான். வளைந்த சட்டத்தை இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்துவிட்டு, விரிந்த ஏர்பேக்கின் இடத்தில் மூடியை மட்டும் ஒட்டிவிடும் பட்டறைகள் உண்டு. வாங்குபவர் விலையில் பெறும் தள்ளுபடி, அடுத்த விபத்தில் அவரைக் காக்க வேண்டிய பாகங்களிலிருந்து எடுக்கப்பட்டது.

## திருப்பூர் வரை வரும் வழி

சேதமான காரைச் சேதம் நடந்த ஊரில் விற்பது கடினம். வெள்ளம் கண்ட ஊரில் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது 'தண்ணீரில் நின்றதா' என்பதுதான். ஆகவே தொலைவில் உள்ள, பழைய கார்களுக்குத் தேவை உள்ள சந்தை வியாபாரிக்கு வசதி. திருப்பூர் அத்தகைய சந்தை. பனியன் கம்பெனிகளைச் சுற்றி நிட்டிங், சாயம், பிரிண்டிங், ஜாப் ஒர்க் தையல் என்று ஆயிரக்கணக்கான சிறு தொழில்கள் இங்கே இயங்குகின்றன. பவர் டேபிள் யூனிட் நடத்துபவர், ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசர், துணி ஏஜென்ட் ஆகியோர் முதலில் வாங்கும் கார் பெரும்பாலும் பழைய கார்தான். 'கன்சல்டிங்' என்று பெயரிட்ட வாகன விற்பனையகங்களும் தரகர்களும் இந்தத் தேவையை நிறைவு செய்கின்றனர்.

சென்னைக் கார் திருப்பூருக்கு வருவதற்கும் கேரளக் கார் வருவதற்கும் காகித வழியில் ஒரு வித்தியாசம் உண்டு. பாலக்காட்டிலிருந்து கோவை, அவிநாசி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544இல் கேரளம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வேறு மாநிலக் கார் என்பதால், உரிமை மாற்றத்துக்கு முன் அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் புதிய எண்ணும் வரியும் தேவைப்படும். அந்தக் கட்டத்தில் கேள்விகள் எழ வாய்ப்புண்டு.

சென்னைக் காரோ சுமார் 450 கி.மீ. கடந்து வந்தாலும் மாநிலம் மாறுவதில்லை. பழைய எண்ணிலேயே திருப்பூர் வாங்குபவரின் பெயருக்கு மாறிவிடும். 'டி.என். 11' என்றால் தாம்பரத்தில் பதிவானது, 'டி.என். 07' என்றால் திருவான்மியூரில் பதிவானது என்பதை மட்டும் அந்த எண் சொல்லும். 'டி.என். 39', 'டி.என். 42' என்ற திருப்பூர் எண்களுக்கு நடுவே அப்படி ஒரு கார் நிற்பது குற்றச்சாட்டுக்குக் காரணமாகாது. வேலை மாறி வந்தவரின் நல்ல காராகவும் இருக்கலாம். 2015, 2023 டிசம்பர்களில் அந்தக் கார் எங்கே நின்றது என்று கேட்க அது ஒரு காரணம்.

## ஆர்.சி.யில் உள்ள பெயர்

முழு இழப்பு கார் கைமாறும்போது முதல் உரிமையாளரிடம் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையெழுத்து மட்டும் வாங்கி, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுவிடும் பழக்கம் நீண்டகாலமாக இருந்தது. ஏலம் எடுத்தவர், பட்டறைக்காரர், தரகர் என்று மூன்று கை மாறினாலும் ஆர்.சி.யில் ஒரு பெயர்கூட ஏறாது. கடைசியில் வாங்குபவரின் பெயரே இரண்டாம் உரிமையாளராக ஏறும். காகிதத்தில் அது 'ஒரே ஓனர் வண்டி'.

இதன் ஆபத்து முதல் உரிமையாளருக்கும் உண்டு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இதைத் தெளிவாக்கியது. அந்தக் கார் பலமுறை கைமாறியிருந்தது. பதிவில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே நின்றது. பின்னர் அந்தக் கார் விபத்தை உண்டாக்கியபோது, சட்டத்தின்படி பதிவில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு இழப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு, கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்தவருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தக் கூடியது.

இன்னொரு ஆபத்து குற்றவியல் சார்ந்தது. உடைந்த காரைவிட அதன் ஆர்.சி.யும் சேஸிஸ் எண்ணும் சிலருக்கு மதிப்புள்ளவை. அதே மாடல், அதே நிறக் காரைத் திருடி, அதன் சேஸிஸ் எண்ணை அழித்து, முழு இழப்பு காரின் எண்ணைப் பதித்தால் திருட்டுக் காருக்கு நல்ல காகிதம் கிடைத்துவிடும். 2020 ஜூனில் லக்னோ காவல்துறை பிடித்த கும்பல் இந்த முறையையே பயன்படுத்தியதாகத் தெரிவித்தது. பல விலையுயர்ந்த கார்கள் கைப்பற்றப்பட்டன. இப்படிப்பட்ட காரை அறியாமல் வாங்கியவர் காரையும் இழப்பார், பணத்தையும் இழப்பார்.

மத்திய அரசு 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றைக் கொண்டுவந்தன. அங்கீகரிக்கப்பட்ட வியாபாரியிடம் வாகனம் ஒப்படைக்கப்படும்போது படிவம் 29சி வழியாகப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்படும். அதன்பின் விற்கும் வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் ஏறாத கைமாற்றங்களுக்கு இது தீர்வு. காரின் சேத வரலாற்றை ஆர்.சி.யில் ஏற்றுவது இதன் நோக்கமல்ல.

## காகிதத்தில் அறிதல்

ஆர்.சி. பேசாத இடத்தில் காப்பீட்டு வரலாறு பேசும். முழு இழப்புத் தொகை கொடுக்கப்பட்டதும் அந்தப் பாலிசி முடிந்துவிடும். சீர்செய்து முடிக்கும் வரை காருக்குக் காப்பீடு இருக்காது. ஆகவே நடுவில் சில மாதங்கள் காப்பீடு இல்லாத இடைவெளியும், அதன்பின் வேறு நிறுவனத்தில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் தொடங்குவதும் வலுவான அறிகுறி. விற்பவரிடம் நடப்புப் பாலிசியை மட்டும் கேட்காமல் கடைசி மூன்று ஆண்டுப் பாலிசிகளையும் கேட்க வேண்டும்.

பாலிசியில் கோரிக்கையற்ற ஆண்டுக்கான சலுகையும் குறிக்கப்பட்டிருக்கும். கோரிக்கை இல்லாமல் ஓராண்டு கழிந்தால் 20 சதவீதம் என்று தொடங்கி, ஐந்தாண்டு கழிந்தால் 50 சதவீதம் வரை அது உயரும். கோரிக்கை வைத்ததும் பூச்சியமாகும். நான்கு ஆண்டாக ஒரே உரிமையாளரிடம் இருந்ததாகச் சொல்லப்படும் காரில் சலுகை பூச்சியம் என்றால் காரணம் கேட்கலாம். ஆனால் இந்தச் சலுகை காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. கார் கைமாறியிருந்தால் புதியவரின் பாலிசியில் பூச்சியம் இருப்பது இயல்பே.

அரசின் `mParivahan` செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு நிலை, உரிமையாளர் வரிசை, காப்பீட்டு முடிவுத் தேதி, கடன் குறிப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். பதிவு ரத்தாகியிருந்தால் அதில் தெரியும்; முழு இழப்பு தெரியாது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவேட்டைக் கேட்பது கூடுதல் பயன் தரும். மதிப்பீட்டுக்காக அங்கே கொண்டுவரப்பட்ட கார் என்றால் அந்தக் குறிப்பு இருக்கக்கூடும். ஒழுங்காக சர்வீஸுக்கு வந்துகொண்டிருந்த கார் ஒரு குறிப்பிட்ட மாதத்தோடு நின்றுவிட்டால் அதுவும் தடயம். அந்த மாதம் 2015 அல்லது 2023 டிசம்பரை ஒட்டி இருந்தால் காரைக் கைவிடுவதே நல்லது.

## காரில் அறிதல்

வெள்ளக் காரைச் சோதிப்பவர் பளபளப்பான இடங்களை விட்டுவிட்டு, சுத்தம் செய்பவரின் கை எட்டாத இடங்களைப் பார்க்க வேண்டும். முன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தால், எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதி வெளிப்படும். அங்கே பழுப்புக் கறையோ ஒரே உயரத்தில் நீர்க்கோடோ இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அடுத்து இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பெயிண்ட் அடிக்காத திருகுகள், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகியவற்றைப் பார்க்கலாம். மழையில் நனைந்த காரில் தரைக்கு அருகில் துரு வரலாம். டேஷ்போர்டுக்கு அடியில் வராது. தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் அடிப்பஞ்சில் நுண்ணிய மண் தெரியும். விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும், கடுமையான வாசனைத் திரவியம் அடித்திருப்பதும் கேள்விக்குரியவை.

சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். தொடர்ந்து எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: விளக்கு துண்டிக்கப்பட்டிருக்கலாம். மற்றொரு விளக்கோடு சேர்த்து ஒரே நொடியில் அணையும்படி வயரை இணைத்து வைப்பதும் உண்டு. அதனால் ஸ்கேனர் கருவியால் ஏர்பேக் அமைப்பைத் தனியாகச் சோதிப்பது நம்பகமானது.

விபத்துக் காரில் பார்க்க வேண்டியது உடற்கூட்டை. பம்பரும் கதவும் மாறியிருப்பது நகரக் கார்களில் சாதாரணம். எஞ்சின் அறையின் இருபுறத் தகடுகளான ஏப்ரன், கதவுகளைத் தாங்கும் பில்லர்கள், டிக்கித் தரை ஆகியவற்றில் கைபட்டிருந்தால் அது பெரிய விபத்து. ஆலையில் ரோபோ வைக்கும் ஸ்பாட் வெல்டுகள் சிறு வட்டக் குழிகளாக, ஏறத்தாழச் சம இடைவெளியில் வரிசையாக இருக்கும். கதவின் ரப்பரை இழுத்துப் பார்த்தால் அவை தெரியும். அந்தக் குழிகள் காணாமல் போய், மேடான வெல்டிங் கோடும் கையால் பூசிய சீலன்ட்டும் இருந்தால் அந்தப் பகுதி வெட்டி ஒட்டப்பட்டது. பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி ஆலைப் பெயிண்ட்டில் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பல நூறு மைக்ரான் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது.

பெயிண்ட் ஷேடு விஷயத்தில் திருப்பூர்க்காரர்களுக்குப் பழகிய கண் உண்டு. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை வெவ்வேறு விளக்குகளின் கீழ் வைத்துப் பார்த்த பின்பே ஷேடு சரி என்று ஏற்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். மீண்டும் அடித்த கார் பெயிண்ட்டும் அப்படித்தான். விற்பனையகத்தின் விளக்கில் ஒன்றாகத் தெரியும் முன்கதவும் ஃபெண்டரும் காலை வெயிலில் சாய்கோணத்தில் பார்த்தால் வேறுபடும். இரவிலோ, கழுவி ஈரமாக இருக்கும்போதோ காரைப் பார்க்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

கடைசியாகச் சேஸிஸ் எண். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அது, உடலில் பதித்த இடத்திலும் நிறுவனத் தகட்டிலும் ஆர்.சி.யிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தொடக்க எழுத்துகள் உற்பத்தியாளரைக் குறிக்கும்: `MA3` மாருதி, `MAL` ஹூண்டாய், `MAT` டாடா. எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக உள்ளனவா, சுற்றிலும் அரைத்த தடமோ புதுப் பெயிண்ட்டோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். துருவாலோ விபத்தாலோ எண்ணை மீண்டும் பதிக்க நேர்ந்திருந்தால் அதற்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதிக் காகிதம் இருக்கும். காகிதம் இல்லாத மறுபதிப்பு இருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

## சோதனையின் எல்லை

இந்த அடையாளங்களில் ஒன்று மட்டும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. ஒரு கதவில் பட்டி இருப்பது பார்க்கிங்கில் பட்ட உரசலாகவும், காப்பீட்டு இடைவெளி வெளிநாடு சென்றவரின் மறதியாகவும் இருக்கலாம். காகிதத்தில் ஒன்றும் காரில் ஒன்றும் சேர்ந்து ஒரே காலத்தைச் சுட்டினால் முழு இழப்பு என்ற முடிவுக்கு வரலாம். மறுபுறம், திறமையான பட்டறை செய்த வேலை எல்லாச் சோதனையையும் கடந்துவிடவும் கூடும். அதனால் 'இந்தக் கார் காப்பீட்டில் முழு இழப்பாக முடிக்கப்படவில்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை' என்ற வாசகத்தை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது பயன்படும். வியாபாரி அப்படி எழுதிக் கொடுத்துப் பின்னர் அது பொய் என்று தெரிந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அது சான்றாகும். எழுதித் தர மறுத்தால், அதுவும் வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன்பே கிடைத்துவிடும் ஒரு தகவல்.

முழு இழப்பு என்று தெரிந்தே வாங்குபவர்களும் உண்டு. பம்பர், பானெட், ரேடியேட்டர் அளவில் சேதமடைந்து, பழைய கார் என்பதால் மட்டும் கணக்கு முடிக்கப்பட்ட கார், ரசீதுகளோடும் பழைய படங்களோடும் விற்கப்பட்டால், உரிய விலைக் குறைப்பில் அது நியாயமான பேரமாக அமையலாம். நீரில் மூழ்கிய காருக்கும் ஏர்பேக் விரிந்த காருக்கும் இது பொருந்தாது.